ஒரே எழுத்தில் பதில் வரும்படி சந்திப்புக்கு நேரம் கேட்டு எழுதுவது எப்படி: சென்னை–டொராண்டோ கடிதம் ஒன்றை முன்வைத்து

சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் நூல்களைச் செம்மை பார்க்கும் வேலை என்னுடையது. எங்கள் எழுத்தாளர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு நூல் வரவேண்டும் என்றால் நவம்பரில் எல்லா முடிவுகளும் எடுத்தாக வேண்டும். அந்த மாதத்தில் ஒரு சந்திப்புக்கு நாள் குறிப்பதிலேயே பத்து நாள் போனால், அந்தப் பத்து நாளும் அச்சகத்தின் கணக்கிலிருந்துதான் கழியும்.

முன்பெல்லாம் நான் இப்படித்தான் எழுதுவேன்: "அக்கா, நாவல் விஷயமாகக் கொஞ்சம் பேச வேண்டும். உங்களுக்கு எப்போது வசதி?" மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை முழுவதும் பெறுபவர் தலையில் விழுகிறது. அவர் தன் வாரத்தைப் பார்க்க வேண்டும், சென்னையில் அப்போது என்ன மணி என்று கணக்குப் போட வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகிக்க வேண்டும், என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமலே ஒத்துக்கொள்ளவும் வேண்டும். இத்தனையும் செய்ய நேரம் கிடைக்கும்போது பதில் எழுதலாம் என்று கடிதத்தை மூடிவைப்பார். நான்கு நாள் கழித்து "இந்த வாரக் கடைசியில் பார்க்கலாமா?" என்று வரும். "சனியா ஞாயிறா அக்கா?" என்று நான் கேட்பேன். அப்படியே நீளும்.

2025 அக்டோபரில் டொராண்டோவில் இருக்கும் ஒரு நாவலாசிரியருக்கு எழுதிய கடிதத்துக்கு "ஆ. 2ஆம் திகதி சரி தம்பி" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை எப்படிக் கட்டினேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில்: பேசித்தான் தீர வேண்டியது எது?

கடிதத்தைத் தொடங்கும் முன் ஒரு தாளில் நாவல் பற்றி முடிவாகாமல் இருந்த எல்லாவற்றையும் எழுதினேன். ஏழு இருந்தன. அவற்றில் நான்கு, கேள்வியாகக் கேட்டாலே ஒரு வரியில் பதில் வரக்கூடியவை: பின்னட்டையில் எந்தப் படம், நன்றியுரையில் விடுபட்ட ஒரு பெயர், அப்படிப்பட்டவை. அவற்றைத் தனிக் கடிதமாக அன்றைக்கே அனுப்பிவிட்டேன். சந்திப்புக் கடிதத்தில் இவையும் கலந்திருந்தால் அவர் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு, நேரம் சொல்ல மறந்துவிடுவார். பலமுறை எனக்கு இப்படி நடந்திருக்கிறது.

மீதி மூன்று. ஈழத்து வழக்குச் சொற்களுக்கு விளக்கம் எங்கே தருவது என்பது ஒன்று. ஒழுங்கை, கதியால், குசினி, அலவாங்கு என்று தமிழ்நாட்டு வாசகர் தடுமாறக்கூடிய 84 சொற்களைக் குறித்து வைத்திருந்தேன். இரண்டாவது, பக்க எண்ணிக்கை. மூன்றாவது, முன்னட்டைக்கு வந்திருந்த இரண்டு ஓவியங்களில் எது என்பது. இந்த மூன்றிலும் ஒருவர் சொல்லும் பதிலைக் கேட்டபின்தான் மற்றவர் அடுத்ததைச் சொல்ல முடியும். எழுத்தில் போனால் இழுத்துக்கொண்டே போகும். குரலில் அரை மணியில் முடியும். சந்திப்புக்குத் தகுதியானது எது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

பேச வேண்டியவற்றை வரிசைப்படுத்துவது

'நிகழ்ச்சி நிரல்' என்று கடிதத்தில் எழுதுவதை நான் தவிர்க்கிறேன். அந்தச் சொல்லைக் கண்டதும் தமிழ்த்தாய் வாழ்த்தும் வரவேற்புரையும் நினைவுக்கு வருகின்றன. 'பேச வேண்டியவை' என்றால் போதும்.

ஆனால் வரிசை முக்கியம். நான் முதலில் அட்டையைத்தான் மேலே எழுதியிருந்தேன், அதுதான் இருவருக்கும் பிடித்த விஷயம் என்பதால். பிறகு யோசித்தபோது அது தவறு என்று புரிந்தது. வடிவமைப்பு முடிந்தபோது நாவல் 279 பக்கம் வந்திருந்தது. அச்சகம் 16 பக்கம் கொண்ட ஃபாரமாகத்தான் அடிக்கும். 17 ஃபாரம் என்றால் 272 பக்கம். 18 என்றால் 288. ஆக, ஒன்று ஏழு பக்கத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்பது பக்கத்தை நிரப்ப வேண்டும். சொற்களுக்கான அகராதியைக் கடைசியில் வைத்தால் அது ஆறு பக்கம் பிடிக்கும். அப்போது 285 ஆகிறது, 288இல் மூன்று பக்கம்தான் மிச்சம். அடிக்குறிப்பாகப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் கீழே தள்ளப்பட்டு மொத்தக் கணக்கும் மாறும். அதாவது சொற்களை முடிவு செய்யாமல் பக்கத்தை முடிவு செய்ய முடியாது. பக்கம் தெரியாமல் புத்தகத்தின் முதுகு எவ்வளவு அகலம் என்று அச்சகம் சொல்லாது. முதுகு அகலம் தெரியாமல் ஓவியர் அட்டையை முழுதாக விரித்து முடித்துத் தர மாட்டார்.

ஆகவே வரிசை: சொற்கள், பக்கம், அட்டை. எது எதற்காகக் காத்திருக்கிறதோ அது பின்னால் வர வேண்டும். எந்தச் சந்திப்பாக இருந்தாலும் பட்டியலை இப்படி ஒருமுறை உருட்டிப் பார்த்தால், கடைசி ஐந்து நிமிடத்தில் "இதைச் சொல்ல அது தெரிய வேண்டுமே" என்று நிற்கும் நிலை வராது.

ஒவ்வொன்றையும் தலைப்பாக எழுதாமல் கேள்வியாக எழுத வேண்டும். "வட்டாரச் சொற்கள் குறித்து" என்று எழுதினால் அது முடிவே இல்லாத பேச்சுக்கு அழைப்பு. "அடிக்குறிப்பா, கடைசியில் அகராதியா?" என்று எழுதினால் இரண்டில் ஒன்று சொன்னதும் அந்தப் பகுதி முடிந்தது என்று இருவருக்கும் தெரியும். கேள்விக்குப் பக்கத்தில் என் எண்ணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் மேல் திணிப்பதாகிவிடுமோ என்று முதலில் தயங்கினேன். நடந்தது வேறு: என் எண்ணம் முன்பே தெரிந்திருந்தால் அவர் மறுப்பதற்குத் தயாராக வருகிறார், அல்லது பேசும் முன்பே ஒத்துக்கொண்டு நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கும் உண்டு. சொற்களுக்கு 12, பக்கத்துக்கு 8, அட்டைக்கு 5. மொத்தம் 25. மீதி ஐந்து நிமிடம், எடுத்த முடிவுகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க. மூன்று கேள்விக்கு மேல் 30 நிமிடத்தில் அடங்காது என்பது என் அனுபவம். நான்காவது இருந்தால் அதை வெளியே எடுத்து எழுத்தில் கேளுங்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பெரும்பாலான கடிதங்கள் சறுக்குகின்றன. என் கடிதமும் அதற்கு முந்தைய ஆண்டு சறுக்கியது.

இந்தியாவில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். டொராண்டோவில் அப்படியில்லை. மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி பின்னால் இழுப்பார்கள். கோடையில் சென்னை டொராண்டோவைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். அந்த முந்தைய ஆண்டு நான் பழைய ஒன்பதரை மணிக் கணக்கை வைத்து, மாற்றம் நடந்த அதே ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு எழுத்தாளரிடம் "சென்னை நேரம் இரவு 7" என்று மட்டும் எழுதியிருந்தேன். அவரும் பழைய வழக்கப்படி காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தார். நான் ஏழு மணிக்கு வந்து முக்கால் மணி காத்திருந்துவிட்டுக் கணினியை மூடினேன். அவர் வந்து உட்கார்ந்தபோது இங்கே எட்டு. இருவர் மேலும் தவறில்லை, கடிதத்தில்தான் தவறு.

2025இல் அந்த ஞாயிறு நவம்பர் 2ஆம் தேதி வந்தது. நான் பேச விரும்பிய நாள்கள் அதன் இருபக்கமும் இருந்தன. அதனால் ஒவ்வொரு நேரத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டேன். நவம்பர் 1 சனிக்கிழமை டொராண்டோ காலை 9:30 என்றால் சென்னையில் மாலை 7:00. மறுநாள் ஞாயிறு அதே காலை 9:30 என்றால் சென்னையில் இரவு 8:00. ஒரே காலை நேரம், ஒரு நாள் இடைவெளி, இங்கே ஒரு மணி வித்தியாசம். இதை மனக்கணக்காகப் போடாதீர்கள். கைப்பேசிக் கடிகாரத்தின் உலக நேரப் பகுதி 'இப்போது' என்ன மணி என்றுதான் காட்டும். வரப்போகும் மாற்றம் அதில் தெரியாது. நாள்காட்டிச் செயலியில் அந்தத் தேதியில் ஒரு நிகழ்வை உருவாக்கி, நேர மண்டலத்தில் டொராண்டோவைத் தேர்ந்தெடுத்து, அது சென்னையில் எந்த மணியில் விழுகிறது என்று பார்ப்பது பாதுகாப்பானது. ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். டொராண்டோவின் குளிர்கால நேரத்தைக் குறிக்கும் EST என்ற சுருக்கத்தை நம்ப வேண்டாம். நவம்பர் 1 அன்று அங்கே இருந்தது கோடை நேரமான EDT; EST மறுநாள் விடியற்காலையில்தான் தொடங்கியது.

லண்டனில் ஒருவரும் சேர வேண்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் கடிகாரம் பின்னால் போவது அக்டோபர் கடைசி ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கும் நடுவில் ஒரு வாரம் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் இடையிலுள்ள ஐந்து மணி நேரம் நான்காகிவிடும்.

எத்தனை நேரம் தருவது? மூன்று. ஒன்று கொடுத்தால் கட்டளை போலத் தெரிகிறது. ஆறு கொடுத்தால் அவர் மறுபடி நாள்காட்டியைத் திறந்து தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. அதோடு ஆறு நேரத்தையும் நான் காலியாக வைத்துக் காக்க வேண்டும். மூன்றைக் கொடுத்து, மூன்றையும் ஒன்றுக்கொன்று வேறு வகையாக அமைத்தால் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். ஒரே சனிக்கிழமையில் 9:30, 10:30, 11:30 என்று மூன்று கொடுப்பது மூன்றல்ல, ஒன்றுதான். அந்தக் காலை அவருக்கு ஆகாதென்றால் மூன்றும் போயிற்று.

அவருடைய கடிகாரத்திலிருந்து தொடங்கினேன். அவர் வாரநாள்களில் பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர். ஆகவே வாரக் கடைசிக் காலை இரண்டும், ஒரு வாரநாள் இரவு ஒன்றும். அக்டோபர் 31 வெள்ளி மாலையை விட்டுவிட்டேன். அன்று அங்கே ஹாலோவீன், குழந்தைகள் வீடு வீடாக வருவார்கள். வாரநாள் இரவுக்குச் செவ்வாய் நவம்பர் 4, இரவு 8:30 என்று வைத்தேன். அது சென்னையில் நவம்பர் 5 புதன்கிழமை காலை 7:00. இங்கே தேதியும் கிழமையும் மாறுகின்றன என்பதைக் கடிதத்திலேயே எழுத வேண்டும். "செவ்வாய் இரவு, நமக்குக் காலை" என்று மட்டும் எழுதினால் செவ்வாய் காலையா புதன் காலையா என்று ஒரு கடிதம் கூடுதலாகும்.

பிறகு தெரிந்தது: சனிக்கிழமை காலைகளில் அவர் பேத்தியைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போகிறார். எனக்கு அது தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை. மூன்றையும் சனிக்கிழமையிலேயே வைத்திருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருப்போம்.

நேரத்தைத் தமிழில் எழுதும்போது

நம் பேச்சில் நேரம் பற்றிய சொற்கள் ஊருக்கு ஊர் நகர்கின்றன. யாழ்ப்பாணத்துக்காரர் 'பின்னேரம்' என்றால் எனக்கு அது சரியாக எத்தனை மணி என்று பிடிபட நாளாயிற்று. நான் 'சாயங்காலம்' என்பது அவருக்கு இருட்டிய பிறகா முன்பா என்று சந்தேகம். அதனால் மணியை எண்ணில் எழுதி, முன்னால் காலை, மாலை, இரவு என்று ஒரு சொல் வைத்தால் போதும். 'இரவு 12' என்று எப்போதும் எழுதாதீர்கள். அந்த நாள் முடியும் இரவா தொடங்கும் இரவா என்று யாராலும் சொல்ல முடியாது.

'வருகிற ஞாயிறு', 'அடுத்த புதன்', 'நாளை மறுநாள்' எதுவும் வேண்டாம். கடிதம் வியாழக்கிழமை எழுதப்பட்டு, அங்கே வேறு கிழமையில் படிக்கப்படுகிறது. 'அடுத்த புதன்' என்றால் சிலருக்கு வரும் புதன், சிலருக்கு அதற்கும் அடுத்தது. தேதியை 2/11 என்று எழுதுவதும் ஆபத்து. நமக்கு அது நவம்பர் 2. கனடாவில் பலர் மாதத்தை முன்னால் வைத்துப் படிப்பார்கள், அவர்களுக்கு அது பிப்ரவரி 11. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள், கிழமையையும் சேர்த்து. தேதியில் நான் பிழை செய்திருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, பதிலை ஒரே எழுத்தாக்கும் சின்ன வேலை. நேரங்களுக்கு 1, 2, 3 என்று எண் போடாதீர்கள். ஒருமுறை "2 சரி" என்று பதில் வந்தது. இரண்டாவது நேரமா, இரண்டாம் தேதியா, பேச வேண்டியவற்றில் இரண்டாவது கேள்விக்குச் சம்மதமா? மறுபடி கேட்கத்தான் வேண்டியிருந்தது. அ, ஆ, இ என்று வைத்தால் தேதியோடும் மணியோடும் குழம்ப வழியில்லை. பேச வேண்டியவற்றுக்கு எண்ணும் வேண்டாம் எழுத்தும் வேண்டாம், வெறும் கோடு போதும். அவர் கைப்பேசியில் ஒரு விரலால் தட்டி அனுப்பக்கூடிய பதில் அது.

கடிதம்

அக்டோபர் 23 வியாழக்கிழமை அனுப்பியது இது. தீபாவளி 20ஆம் தேதியோடு முடிந்து அச்சகத்தில் ஆள்கள் திரும்பியிருந்தார்கள். அவர்களிடம் நாள் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

> தலைப்பு: நாவல் அச்சுக்கு முன் 30 நிமிடம் பேச – அ, ஆ, இ எது வசதி? (அக்டோபர் 29க்குள்)
>
> அன்புள்ள அக்கா,
>
> வணக்கம். நாவலை அச்சுக்கு அனுப்பும் முன் மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும். கூகுள் மீட்டில் 30 நிமிடம் போதும். கீழே உள்ளவற்றில் உங்களுக்கு ஏற்ற எழுத்தை மட்டும் பதிலாக அனுப்புங்கள்.
>
> அ) டொராண்டோ: நவம்பர் 1, சனி, காலை 9:30. சென்னை: அதே நாள் மாலை 7:00
> ஆ) டொராண்டோ: நவம்பர் 2, ஞாயிறு, காலை 9:30. சென்னை: அதே நாள் இரவு 8:00
> இ) டொராண்டோ: நவம்பர் 4, செவ்வாய், இரவு 8:30. சென்னை: நவம்பர் 5, புதன், காலை 7:00
>
> நவம்பர் 2 விடியற்காலை உங்கள் ஊரில் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகிறது. மேலே உள்ளவை அதையும் பார்த்துக் கணக்கிட்டவை.
>
> பேச வேண்டியவை:
> – 84 வட்டாரச் சொற்களுக்கு விளக்கம் அடிக்குறிப்பிலா, கடைசியில் அகராதியாகவா? என் எண்ணம்: கடைசியில். (12 நிமிடம்)
> – 272 பக்கமா, 288 பக்கமா? அகராதி வந்தால் 288. (8 நிமிடம்)
> – அட்டைக்கு இணைப்பில் உள்ள இரண்டு ஓவியங்களில் எது? (5 நிமிடம்)
> மீதி ஐந்து நிமிடத்தில் முடிவுகளை ஒருமுறை படித்துச் சரிபார்ப்போம்.
>
> சொற்பட்டியலும் இரண்டு ஓவியங்களும் இணைப்பில் உள்ளன. பேச்சில் நாம் இருவர் மட்டுமே.
>
> மூன்றும் ஒத்துவராவிட்டால், நவம்பர் 7க்குள் உங்களுக்கு ஏற்ற ஒரு நாளையும் மணியையும் உங்கள் ஊர் நேரத்தில் சொல்லுங்கள், நான் அதற்கு வந்துவிடுகிறேன். மூன்று நேரத்தையும் அக்டோபர் 29 புதன் இரவு வரை (டொராண்டோ) உங்களுக்காக வைத்திருக்கிறேன்.
>
> அன்புடன்,
> (பெயர்)

சில இடங்களை மட்டும் விளக்க வேண்டும். நேரங்கள் பேச வேண்டியவற்றுக்கு மேலே இருக்கின்றன. காரணம், கைப்பேசியில் கடிதத்தைத் திறந்ததும் முதல் திரையில் தெரிவது அந்தப் பகுதி. கேள்விகள் மேலே வந்தால் அவர் அங்கேயே நின்று யோசிக்கத் தொடங்கிவிடுவார், பதில் தள்ளிப்போகும். முதலில் நேரத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும், யோசிக்க அவருக்கு ஒரு வாரம் இருக்கிறது.

'நாம் இருவர் மட்டுமே' என்ற சொற்றொடர் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஓவியரும் இருப்பாரோ என்ற ஐயம் இருந்தால் எழுத்தாளர் ஓவியம் பற்றி மனம்விட்டுச் சொல்லத் தயங்குவார். யார் யார் வருகிறார்கள் என்பது சந்திப்புக்கு ஒத்துக்கொள்ளும் முடிவையே மாற்றக்கூடியது.

மூன்றும் ஆகாவிட்டால் என்ன செய்வது என்ற வரி இல்லாத கடிதங்களைத்தான் மக்கள் பதில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். 'இல்லை' என்று சொல்லத் தமிழில் நமக்கு வாய் வராது; பதிலுக்கு அமைதியாக இருந்துவிடுவோம். அந்த வரி மறுப்பை ஒரு தேர்வாக மாற்றிவிடுகிறது. ஆனால் 'உங்களுக்கு எப்போது வசதியோ' என்று திறந்து விடாமல் கடைசி நாளைக் குறித்து, ஒரே ஒரு நேரம் கேட்டேன்.

அக்டோபர் 29 என்ற நாள் எப்படி வந்தது? முதல் நேரம் நவம்பர் 1. அதற்கு முன் நான் ஓவியரிடமும் அச்சகத்திடமும் சொல்ல இரண்டு நாள் வேண்டும். கடைசி நாளை அப்படிப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். அனுப்பிய நாளிலிருந்து ஆறு நாள் கிடைத்தது, அதில் ஒரு வாரக் கடைசியும் அடங்கியது.

நாள்காட்டி அழைப்பை இந்தக் கடிதத்தோடு அனுப்பவில்லை. மூன்று நேரத்துக்கும் மூன்று அழைப்பு அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெறுபவரின் நாள்காட்டியில் மூன்று இடம் அடைபடுகிறது; ஒன்றை ஏற்றால் மற்ற இரண்டை அவரே மறுக்க வேண்டும்.

பதில் வந்த பிறகு

"ஆ. 2ஆம் திகதி சரி தம்பி" என்று சனிக்கிழமை காலை பார்த்தேன். அவர் எழுத்தோடு தேதியையும் சேர்த்திருந்தது நல்லதாயிற்று, இரண்டும் பொருந்தின. பொருந்தாமல் "ஆ. 1ஆம் திகதி" என்று வந்திருந்தால் எழுத்தை நம்பி முடிவு செய்திருக்க மாட்டேன், "நவம்பர் 2 ஞாயிறுதானே அக்கா?" என்று ஒரு வரி கேட்டிருப்பேன்.

உடனே இதை அனுப்பினேன்: "நன்றி அக்கா. டொராண்டோ நவம்பர் 2, ஞாயிறு, காலை 9:30. அழைப்பு இதோடு வருகிறது. மற்ற இரண்டு நேரத்தையும் விடுவித்துவிட்டேன்." அழைப்பை உருவாக்கும்போது நேர மண்டலம் `America/Toronto` என்று வைத்து 9:30 இட்டேன், என் திரையில் 8:00 என்று காட்டியது. கடிதத்தில் எழுதியதும் அதுவே. அழைப்பில் ஒரு மணி நேரம் தள்ளித் தெரிந்தால், தவறு கடிதத்திலா அழைப்பிலா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். அழைப்பின் விளக்கப் பகுதியில் மூன்று கேள்விகளையும் ஒட்டி, மீட் இணைப்பை மேலே வைத்தேன். சந்திப்புக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பழைய கடிதத்தைத் தேடுகிற நிலை யாருக்கும் வரக்கூடாது.

பதில் வராவிட்டால்

அக்டோபர் 27 திங்கள் வரை பதில் வந்திருக்காவிட்டால் மறுநாள் அதே கடிதத்தின் தொடர்ச்சியாக ஒருமுறை நினைவூட்டியிருப்பேன். புதிய கடிதமாக எழுதினால் நேரங்களும் கேள்விகளும் வேறு இடத்தில் மாட்டிக்கொள்ளும். "அக்கா, அ, ஆ, இ மூன்றும் இன்னும் இருக்கின்றன. நாளை இரவு வரை வைத்திருக்கிறேன்" என்று இரண்டு வாக்கியம். 'என் கடிதம் கிடைத்ததா?' என்று கேட்பதில்லை. கிடைத்துப் பதில் எழுதாதவரை அது சங்கடப்படுத்தும். தவிர, 'கிடைத்தது' என்பது நமக்குத் தேவையான பதிலும் இல்லை.

இதற்குள் ஒரு நேரம் நமக்கே ஆகாமல் போகலாம். உதாரணமாக, ஆ போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் வேறு நேரத்தை வைத்து அதற்கும் ஆ என்று பெயரிடாதீர்கள். அவர் பழைய கடிதத்தைத் திறந்து அதிலுள்ள ஆவைப் பார்த்துப் பதில் எழுதக்கூடும். புதிய நேரத்துக்கு ஈ என்று பெயர் கொடுங்கள், "ஆ இப்போது இல்லை" என்றும் எழுதுங்கள். ஒரு கடிதத் தொடரில் ஓர் எழுத்து ஒரே நேரத்தைத்தான் குறிக்க வேண்டும்.

நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால், 29ஆம் தேதி கழிந்ததும் வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி. அதில் மூன்று நேரத்தையும் திரும்ப ஒப்பிப்பதில்லை. "அக்கா, மின்னஞ்சலில் மூன்று நேரம் எழுதியிருக்கிறேன், எழுத்தை மட்டும் இங்கேயே சொல்லுங்கள்" என்பேன். வாட்ஸாப்பில் பதில் வந்தால், முடிவான தேதியை நான் மின்னஞ்சல் தொடரிலும் ஒரு வரி எழுதி வைப்பேன். அச்சகத்திலிருந்து யாராவது கேட்டால் எடுத்துக்காட்ட ஒரே இடம் இருக்க வேண்டும்.

நவம்பர் 2 இரவு எட்டு மணிக்கு அக்கா வந்துவிட்டார். சொற்பட்டியலில் 11 சொற்களுக்கு விளக்கம் வேண்டாம், கதையிலேயே பொருள் தெரியும் என்று கோடிட்டு வைத்திருந்தார். 73 சொற்கள், கடைசியில் அகராதி, 288 பக்கம், இரண்டாவது ஓவியம். 26 நிமிடத்தில் முடிந்தது.